"முடிஞ்சதை கொண்டு வாங்க"ன்னு எழுதாதீங்க

வணக்கம். பாட்லக் தெரியும்ல, ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வந்து அக்கம்பக்கத்துல எல்லாரும் சேர்ந்து சாப்பிடறது. அதுக்கு கூப்பிட்டு ஒரு மெசேஜ் போடுவாங்க இல்ல, அந்த மெசேஜைப் பத்திதான் இன்னிக்கு பேசப்போறேன். இதுக்கெல்லாம் ஒரு உரையான்னு சிரிக்காதீங்க, விருந்து கெட்டுப்போறதே பெரும்பாலும் அந்த மெசேஜ்லதான்.

நான் போன ஒரு பாட்லக்ல "உங்களால முடிஞ்சதை கொண்டு வாங்க"ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. போய் பாத்தா மேஜை பூரா இனிப்பு, அதுக்கு நடுவுல சிப்ஸ் பாக்கெட். வயித்துக்கு சாப்பிடற மாதிரி ரெண்டே ரெண்டு பாத்திரம், அதுவும் முதல் வரிசை நகர்றதுக்குள்ள காலி. யார் மேலயும் தப்பில்லைங்க, இனிப்பு தூக்கிட்டு வர ஈசி, ஆறினாலும் பரவால்ல, கடையிலயும் கிடைக்குது, அதனால எல்லாரும் தனித்தனியா யோசிச்சு ஒரே எடத்துல வந்து நின்னுட்டாங்க. பசங்களுக்கு மட்டும் அன்னிக்கு திருவிழா!

அதனால நான் சொல்றது ஒண்ணுதான், என்ன செய்யப்போறீங்கன்னு கேக்காதீங்க, மெயின் சாப்பாடு, தொட்டுக்கறது, இனிப்புன்னு லிஸ்ட்ல எந்த இடத்தை எடுத்துக்கறீங்கன்னு கேளுங்க. இடத்தை நீங்க முடிவு பண்ணுங்க, அதுல என்ன சமைக்கறதுங்கறது அவங்க இஷ்டம்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 12 வீடு, குழந்தைங்களோட சேர்த்து 40 பேர்னு வச்சுக்கங்க. வயிறு நிறையற மெயின் சாப்பாட்டுக்கு 4 வீடு, தொட்டுக்கறதுக்கு 3 வீடு. மிச்சம் 5 வீடு. சாலட் ஒண்ணு, பழம் ஒண்ணு, இனிப்பு ஒண்ணு, ஆமா ஒண்ணே ஒண்ணுதான், தண்ணியும் ஜூஸும் ஒரு வீடு, தட்டு டம்ளர் ஒரு வீடு. அந்தக் கடைசி ரெண்டையும் சமைக்க நேரமில்லாதவங்களுக்குன்னு விட்டு வைங்க, அவங்களும் கூச்சப்படாம வருவாங்க. டம்ளர் மட்டும் ஆள் கணக்கை விட ரொம்ப கூட வேணும், ஏன்னா எங்க வச்சோம்னு மறந்துட்டு ஆளாளுக்கு புதுசு எடுப்பாங்க.

அளவும் சொல்லணும், இல்லன்னா ஒவ்வொருத்தரும் 40 பேருக்கு சமைச்சு ராத்திரி பாத்திரத்தை அப்படியே தூக்கிட்டு போவாங்க. மெயின் எடுத்தவங்க 10 பேருக்கு செஞ்சா போதும், 4 வீடு சேந்தா 40 ஆயிடுது. தொட்டுக்கறது 20 பேருக்கு, ஏன்னா அதை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாதான் வச்சுப்பாங்க.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வரேன், சைவம். 40ல 10 பேர் சைவம்னா 10 பேருக்கு ஒரு பாத்திரம் போதும்னு தோணும். போதாது! அசைவம் சாப்பிடறவங்களும் அதுல ஒரு கரண்டி எடுப்பாங்க, ஏன் எடுக்க மாட்டாங்க, ஆனா சைவக்காரங்களால அந்தப் பக்கத்துல கை வைக்க முடியாதே. கடைசியில நிக்கற சைவக்காரருக்கு வெறும் சாலட்தான் மிஞ்சும். அதனால 4 மெயின்ல குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணு சைவமா வைங்க. கரண்டியும் தனித்தனி.

இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு மெசேஜை இப்படி எழுதலாம்: "வர்ற ஞாயிறு மதியம் 12 மணிக்கு நம்ம ஹால்ல சேர்ந்து சாப்பிடலாம், சாப்பாடு 12:30க்கு. கீழ இருக்கற இடங்கள்ல ஒரு நம்பரும் எத்தனை பேர் வர்றீங்கன்னும் வியாழன் ராத்திரிக்குள்ள சொல்லுங்க. சமைச்சு முடிச்சு, கரண்டியோட கொண்டு வாங்க." அதுக்குக் கீழ 12 நம்பர், ஒவ்வொண்ணுக்கும் எத்தனை பேருக்குன்னு. யாராவது நம்பர் எடுத்ததும் அந்த வரியில அவங்க பேரைப் போட்டு லிஸ்ட்டை மறுபடி அனுப்புங்க, இல்லன்னா மூணு பேரு இனிப்பைத்தான் பிடிப்பாங்க, பழைய கதைதான். கரண்டின்னு சொல்ல மறக்காதீங்க, பாத்திரம் வரும், கரண்டி வராது. வெள்ளிக்கிழமை பாக்கறப்ப காலியா ஒரு மெயின் நம்பர் கிடந்தா பொதுவா கேட்டு பிரயோஜனமில்ல, ஒருத்தருக்கு நேரா போன் போடுங்க.

அப்புறம் அலர்ஜி, அதை விரிவா சொல்லணும்னு வச்சிருந்தேன், ஆனா இங்க ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டறாங்க. சுருக்கமா சொல்லிடறேன், பாத்திரம் பக்கத்துல ஒரு சீட்டு, நட்ஸ், பால், முட்டை, கோதுமை இருந்தா அதுல எழுதிடுங்க. சமைச்ச சாப்பாடு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரி தாண்டினா ஒரு மணி நேரம்தான், வீட்லருந்து கொண்டு வர்ற நேரமும் அதுல சேரும், அதுக்குதான் 12:30ன்னு நேரத்தைப் போடச் சொன்னேன். சரி, முடிச்சுக்கறேன், நன்றி, வணக்கம்.