குழாயைத் திறந்து பார்த்தது யார்?

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்தவன் நான். எங்கள் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அது இதுதான்: "தகுந்த பாதுகாப்பு உபகரணங்கள் அணியப்பட்டு, நீர் வசதி உறுதிப்படுத்தப்பட்ட பின்னர், செறிவான சல்பூரிக் அமிலம் மெதுவாக நீரில் சேர்க்கப்பட்டுக் கலக்கப்பட வேண்டும்."

இதில் பிழையான தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் ஒரு மாணவனின் மணிக்கட்டில் அமிலம் தெறித்தது. நான் குழாயடிக்கு ஓடினேன். "பைப்பில தண்ணி வரேல்ல, சேர்" என்றான் பக்கத்தில் நின்றவன். காலையில் மின்சாரம் இல்லாததால் மோட்டர் போடவில்லை, மேல் தாங்கி காலி. வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே கிணற்றடிக்குக் கூட்டிப்போனோம். நல்லவேளை, சிறு தழும்போடு போயிற்று. பிறகு விசாரித்தால், குழாயை உதவியாளர் பார்த்திருப்பார் என்று நான் நினைத்திருக்கிறேன், நான் பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அன்றிரவு அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்தேன். "உறுதிப்படுத்தப்பட்ட பின்னர்." யாரால்? சொல்லவில்லை. தமிழில் செயப்பாட்டு வினை வந்தால் செய்கிறவர் மறைந்துவிடுவார். 'அணிந்து, பார்த்து, ஊற்றி, கலக்கி' என்று எச்சங்களாகக் கோத்தாலும் அப்படித்தான். நான்கு வேலைகள் ஒரே மூச்சில் ஓடிவிடும், ஒன்று விடுபட்டாலும் காதுக்குத் தெரியாது. ஆகவே ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு முற்றுவினை, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனை என்று முழுவதையும் மாற்றி எழுதினோம்.

முதல் வரி இப்படி ஆனது: உதவியாளர் கழுவுதொட்டிக் குழாயைத் திறக்கிறார். சோதனை: ஒரு நிமிடம் தண்ணீர் விடாமல் ஓடுகிறது. ஓடாவிட்டால் அன்று அமிலப் போத்தல் அலமாரியை விட்டு வெளியே வராது. "உறுதிசெய்க" என்பது சோதனையே அல்ல. எதைக் கண்டால் சரி, எதைக் கண்டால் நிறுத்துவது என்று சொன்னால்தான் அது சோதனை.

அதிக நேரம் பிடித்தது "மெதுவாக" என்ற சொல்தான். எனக்கு மெதுவாகத் தெரிவது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மெதுவாக இராது. ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். 98 சதவீத அமிலம் 28 மில்லிலீற்றரில் அரை மோல் இருக்கிறது. அதைக் கொண்டு 500 மில்லிலீற்றரில் ஒரு மோலார் கரைசல் செய்கிறோம். 400 மில்லிலீற்றர் நீரில் அதை ஒரேயடியாகக் கலந்தால் சூடு ஏறக்குறைய 20 பாகை ஏறும். எங்கள் ஊரில் நீரே 30 பாகை, ஆகவே 50-ஐ எட்டிவிடும். அதனால் வரி இப்படி வந்தது: ஆசிரியர் 5 மில்லிலீற்றர் அமிலத்தை முகவையின் சுவர் வழியாக நீரில் ஊற்றுகிறார். சோதனை: அளவுச்சாடியில் மட்டம் 5 குறைந்திருக்கிறது. அடுத்த வரி: ஆசிரியர் கண்ணாடிக் கோலால் கலக்குகிறார். சோதனை: வெப்பமானி 40-க்குக் கீழே நிற்கிறது. தாண்டினால், முகவை குளிர்நீர்த் தட்டில் ஆறும்வரை அடுத்த ஊற்று இல்லை.

ஒருவர் ஊற்ற மற்றவர் கலக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. அப்படிச் செய்தால் இரண்டு முகங்கள் ஒரே முகவைக்கு மேலே குனியும். ஒரே ஆள் ஊற்றி நிறுத்தி, பிறகு கலக்குவதுதான் பாதுகாப்பு.

நீரில் அமிலம் என்ற ஒழுங்கை மட்டும் காரணத்தோடு எழுதினோம். அமிலத்தின் அடர்த்தி 1.84. நீரை அதன் மேல் விட்டால் கனமான அமிலத்தின் மேல் நீர் மிதந்து, தொடுமிடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். காரணம் தெரிந்த பிள்ளை ஒழுங்கை மாற்றாது.

இந்த முறையில் ஒரு சிரமம் உண்டு. ஒரே வாக்கியம் பதினான்கு வரி ஆயிற்று. களைத்தவர்கள் கடைசியில் மொத்தமாகச் சரி போட்டுவிடுவார்கள். ஆகவே தாளைப் பலகையில் செருகி, ஒவ்வொரு சோதனையையும் பார்த்தவுடனே அந்த ஆளே பென்சிலால் குறிக்க வேண்டும் என்று வைத்தோம். தாளில் பெயர்கள் இல்லை, 'ஆசிரியர்', 'உதவியாளர்' என்ற பொறுப்புகள்தான். உதவியாளர் லீவு என்றால் அன்று அந்த இடத்தில் நிற்பவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதிய பிறகே முதல் வரி தொடங்கும்.

அமிலத்தைத் தொடுமுன் வெறும் தண்ணீரை வைத்து ஒத்திகை பார்த்தோம். புதிதாக வந்த மாணவியிடம் தாளைக் கொடுத்து, எழுதியபடி மட்டும் செய்யச் சொன்னேன். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். "சேர், எந்த முகவை?" மேசையில் இரண்டு அளவில் முகவைகள் இருந்தன. சின்னதில் 400 மில்லிலீற்றர் நீர் விளிம்பு வரை வந்துவிடும், அமிலத்துக்கு இடமே இராது. அந்த வரியில் "ஒரு லீற்றர்" என்று அவளே எழுதிச் சேர்த்தாள்.

நன்றி, வணக்கம்.