பிட்டோ குழாய் பொய் சொல்வதில்லை

வணக்கம். மாணவனாக இருந்தபோது, காற்றுச் சுரங்கத்தில் காற்றை வேகப்படுத்தும் நாசிலைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். தப்பு நாசிலில் இல்லை, என் கணக்கில்தான் இருந்தது. இன்று பேசப்போவது அதைப் பற்றி.

ஆய்வகத்தில் ஒரு மீயொலிக் காற்றுச் சுரங்கம். மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்காகச் செய்த நாசில் அது. நாசிலுக்கு முன்னால் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் தேக்க அறையில் அழுத்தம் 4 பார். சோதனைப் பகுதியில் காற்றோட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்தபடி ஒரு மெல்லிய பிட்டோ குழாய், சுவரில் ஒரு சின்னத் துளை. சுவர்த் துளை, ஓடிக்கொண்டிருக்கும் காற்றின் அழுத்தமான நிலை அழுத்தத்தைக் காட்டும்: 0.511 பார். பிட்டோ குழாய், தன் வாயில் வந்து நின்றுவிடும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும். பிட்டோ குழாய் காட்டியது 2.884 பார். இவை எல்லாம் வெற்றிடத்தில் இருந்து எண்ணிய அழுத்தங்கள். கருவி வளிமண்டலத்தை மிஞ்சிய அழுத்தத்தை மட்டும் காட்டுகிற வகையாக இருந்தால் வளிமண்டல அழுத்தத்தை முதலில் கூட்டிக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட்டால் அப்புறம் செய்கிற எந்தத் திருத்தமும் உதவாது.

நான் செய்தது இதுதான். 2.884-ஐ 0.511-ஆல் வகுத்தால் 5.64. பாடத்தில் படித்த, இழப்பே இல்லாத ஓட்டத்துக்கான சூத்திரத்தில் அதைப் போட்டேன். மாக் 1.79 என்று வந்தது. 2 வரவேண்டிய இடத்தில் 1.79! உடனே நாசில் வடிவம் சரியில்லை, எங்கோ கசிகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். தேக்க அறையில் 4 பார் இருக்கும்போது குழாய் ஏன் 2.884 மட்டும் காட்டுகிறது என்ற கேள்வி கண் முன்னாலேயே கிடந்தது, அதை நான் கேட்கவே இல்லை.

ஒலியைவிட மெதுவாகப் போகும் காற்றுக்கு, முன்னால் ஒரு குழாய் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். குழாய் வாயில் ஏறும் அழுத்தத்தின் செய்தி ஒலியின் வேகத்தில் எதிர்த்திசையில் போய்ச் சேர்கிறது, காற்றும் பதமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. மீயொலி ஓட்டத்தில் அந்தச் செய்தியால் எதிர்நீச்சல் போட முடியாது. குழாய் வாய்க்குச் சற்று முன்னால் எல்லாம் குவிந்து ஒரு அதிர்ச்சி அலையாக நிற்கிறது, நிழற்படம் எடுத்தால் குழாயின் முன்னால் ஒரு வில் போல வளைந்த கோடாகவே தெரியும். சில மூலக்கூறு மோதல்கள் நடக்கிற அளவு தடிமனுக்குள் மாக் 2 காற்று மாக் 0.58-க்கு இறங்கிவிடுகிறது. அதன் பிறகுதான் அது பதமாக நின்று குழாயை நிரப்புகிறது.

இவ்வளவு திடீரென்று நின்றால் இழப்பு இல்லாமல் இருக்குமா? ஆற்றல் எங்கும் போகவில்லை, மொத்த வெப்பநிலை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என்ட்ரோபி ஏறிவிட்டதால், மொத்த அழுத்தத்தை, அதாவது காற்றை இழப்பில்லாமல் நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் அழுத்தத்தை, திரும்பப் பெற முடியாது. மாக் 2-இல் மிஞ்சுவது 72 சதவீதம். 4 பாரில் 72 சதவீதம் எவ்வளவு? அதே 2.88. குழாய் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. அலைக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை அது சொன்னது, அதை அலைக்கு முன்னால் உள்ளதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு நண்பன் கேட்டான், குழாயின் முனையைக் கூராகச் சீவிவிட்டால் அலை வராதல்லவா என்று. நல்ல கேள்விதான், ஆனால் குழாய்க்குள் இருக்கும் காற்று அசையாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது, வருகிற காற்றை விழுங்க அதற்கு வழியே இல்லை. எவ்வளவு கூராக்கினாலும் வாய்க்கு முன்னால் அலை நிற்கும், குழாயின் அச்சில் அது ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. நடுவில் எப்போதும் செங்குத்து அலை என்பதால் முனையின் வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் ஒரே சூத்திரத்தை நம்பலாம்.

அந்தச் சூத்திரம் ரேலியின் பெயரில் இருக்கிறது. செங்குத்து அலையைத் தாண்டுவது ஒரு படி, பிறகு இழப்பில்லாமல் நிற்பது இன்னொரு படி, இரண்டையும் சேர்த்துக் கட்டியது. குழாய் அழுத்தத்துக்கும் அலைக்கு முன்னால் உள்ள நிலை அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தை மாக் எண்ணோடு இணைக்கிறது. சிக்கல் என்னவென்றால், விகிதத்தைக் கொடுத்து மாக் எண்ணை நேராகப் பிரித்தெடுக்க முடியாது, ஊகித்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மாக் 1.8 என்று வைத்தால் விகிதம் 4.67, போதாது. 1.9 என்றால் 5.14. 2 என்றால் 5.64, வந்துவிட்டது. மாக் 2-க்கு உண்மையான மொத்த அழுத்தம் நிலை அழுத்தத்தைப் போல 7.824 மடங்கு, அதை 0.511-ஆல் பெருக்கினால் 4 பார். தேக்க அறை சொன்ன அதே எண். அன்று இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

4-ஐ 2.884-ஆல் வகுத்தால் 1.39, எல்லா அளவுகளையும் அதனால் பெருக்கிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அந்த எண் மாக் 2-க்கு மட்டும்தான். மாக் 1.2-இல் இழப்பு ஒரு சதவீதம்கூட இல்லை, மாக் 3-இல் மிஞ்சுவதே மூன்றில் ஒரு பங்கு. சுவரை ஒட்டி காற்று மெதுவாகிவிடும் எல்லைப் படலத்துக்குள் குழாயை மெல்ல இறக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மாக் எண் வேறு, திருத்தமும் வேறு. ஒரு கட்டத்தில் விகிதம் 1.893-க்குக் கீழே போய்விடும். அங்கே ஓட்டமே ஒலியைவிட மெதுவு, அலை கிடையாது, பழைய சூத்திரமே சரி. அங்கேயும் ரேலியைப் பிடித்துத் தொங்கினால் அது வேறு தப்பு.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. நிலை அழுத்தத்தை விட்டுவிட்டு, குழாய் அழுத்தத்தைத் தேக்க அறை அழுத்தத்தால் வகுத்து, 0.72 என்றால் மாக் 2 என்று நேராக அட்டவணையில் பார்த்துவிடலாம். வசதியானதுதான், ஆனால் மாக் 1-ஐ ஒட்டி இது உதவாது. மாக் 1.1-க்கு விகிதம் 0.9989, அழுத்தமானியின் சின்னப் பிழையே அதை விழுங்கிவிடும். அதோடு, தேக்க அறையில் இருந்து குழாய் வரை வழியில் எந்த இழப்பும் இல்லை என்றும் இந்த வழி நம்பிக்கொள்கிறது. எல்லைப் படலத்துக்குள் அந்த நம்பிக்கை பொய்.

நான் இப்போதெல்லாம் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு ஒப்பிடுகிறேன். ஒருமுறை நிலை அழுத்தம் 0.54, குழாய் 2.86 என்று வந்தது. தேக்க அறை வழியில் மாக் 2.01, ரேலி வழியில் 1.93. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு பார்த்தால், காற்றை உலர்த்தும் தொட்டி ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. அறை வெப்பத்தில் புறப்படும் காற்று மாக் 2-இல் பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரியையும் தாண்டிக் குளிர்ந்துவிடும், அதில் ஈரம் இருந்தால் நாசிலுக்குள்ளேயே உறைந்து வெப்பத்தை வெளிவிடும், அதனால் மாக் எண் குறையும், நிலை அழுத்தம் ஏறும், மொத்த அழுத்தமும் கொஞ்சம் போய்விடும். பிட்டோ குழாயை மட்டும் பார்த்திருந்தால், 2.884-க்குப் பதில் 2.86 தானே, பரவாயில்லை என்று விட்டிருப்பேன்.

உலர்த்தியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினோம். இரண்டு வழியிலும் 2 என்றே வந்தது.