தொட்டால் மறுக்கும், செருகினால் ஏற்கும் அட்டை

நேயர்களுக்கு வணக்கம். பாரிஸில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் பல ஆண்டுகளாக நிற்கும் நான், அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் அட்டையை இயந்திரத்தில் தொடுகிறார், இயந்திரம் மறுக்கிறது. பின்னால் வரிசை நிற்கும்போது, கணக்கில் பணம் இல்லையோ என்று அவர் முகம் வாடிவிடுகிறது. அதே அட்டையைச் செருகிப் பின் எண்ணை அழுத்தினால் பணம் உடனே போய்விடுகிறது.

திருடப்பட்ட அட்டையால் நேரும் இழப்பைக் கட்டுப்படுத்த, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. பின் எண் இல்லாமல் ஒரு தடவைக்கு 50 யூரோ வரைதான் தொட்டுச் செலுத்தலாம். அதோடு, கடைசியாகப் பின் எண் கொடுத்த நாளிலிருந்து தொட்டுச் செலுத்தியவற்றின் கூட்டுத்தொகை 150 யூரோவைத் தாண்டாமலோ, தொடர்ச்சியாக ஐந்து தடவைக்கு மேற்படாமலோ வங்கி பார்த்துக்கொள்ள வேண்டும். தொகையைக் கூட்டிவரும் எண்ணி, தடவையைக் கூட்டிவரும் எண்ணி ஆகிய இரண்டில் எதை வைப்பது என்பது வங்கியின் விருப்பம்.

கூட்டுத்தொகையைப் பார்க்கும் வங்கியின் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வியாழன் வரை 38.50, 27, 45, 33 யூரோ என நான்கு தடவை தொட்டிருக்கிறார்கள், மொத்தம் 143.50. வெள்ளிக்கிழமை காலை 7.20 யூரோவுக்குப் பாண் வாங்கும்போது கூட்டுத்தொகை 150.70 ஆகிறது, அட்டை மறுக்கப்படுகிறது. முந்தைய நாள் 33 யூரோவை ஏற்ற அட்டை இன்று 7 யூரோவை மறுப்பதால்தான் மக்கள் குழம்புகிறார்கள். பின் எண்ணைக் கொடுத்ததும் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பும்.

ஏன் செருகத்தான் வேண்டும் என்று கேட்பார்கள். சில அட்டைகளில் இந்த எண்ணி சிப்பினுள்ளேயே இருக்கிறது. தொடும்போது, வங்கியின் பதில் வந்து சேரும் முன்பே அட்டையை விலக்கிவிடுகிறோம். செருகியிருக்கும் அட்டைக்கோ அந்தப் பதிலைப் பெற்று எண்ணியைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. எண்ணியை வங்கியே தன்னிடம் வைத்திருக்கும் சில நாடுகளில், தொட்டபின் இயந்திரத்தில் பின் எண்ணை அழுத்தினாலே போதும்.

பயணச்சீட்டு, வாகனத் தரிப்பிடக் கட்டணம் ஆகியவற்றை ஆளில்லா இயந்திரங்களில் செலுத்துவதற்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே ரயில் நிலையத்தில் ஏற்கப்பட்ட அட்டை அடுத்த தெருக் கடையில் மறுக்கப்படலாம். கைரேகையையோ முகத்தையோ சரிபார்த்துச் செலுத்தும் கைபேசிக்கும் இந்த எண்ணிகள் பொருந்தா.

பின் எண் கொடுத்த பிறகும் அடுத்த முறை சிறு தொகைக்கே தொடுகை மறுக்கப்பட்டால், காரணம் எண்ணியாக இருக்க வாய்ப்பில்லை. வங்கிச் செயலியில் தொடுகை வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இயந்திரம் அட்டையை உணரவே இல்லை என்றால், அட்டைக்குள் ஓடும் மெல்லிய கம்பிச் சுருள் அறுந்திருக்கக்கூடும். சிப்பின் உலோகத் தொடுமுனைகள் அதிலிருந்து தனியானவை என்பதால், அந்த அட்டை செருகும்போது வழக்கம்போல் வேலை செய்யும். வங்கியிடம் புதிய அட்டை கேட்டுப் பெறுங்கள்.