வயிற்றைப் பார்க்காதீர்கள், இடுப்பைத் தொட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுக்கு எவ்வளவு அடர் தீவனம் வைக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் பால் கணக்கைச் சொல்வார்கள். உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. கணக்கு சரிதான். ஆனால் மாட்டின் தோலுக்கு அடியில் கொழுப்பு என்று ஒரு சேமிப்பு இருக்கிறது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பால் செம்பு சொல்லாது, கைதான் சொல்லும்.

அந்தச் சேமிப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறோம். எலும்பும் தோலுமாக இருந்தால் 1, எலும்பே தட்டுப்படாமல் கொழுத்திருந்தால் 5. இடையில் கால், அரை, முக்கால் உண்டு. வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்கள் இடது கையை இறுக்கி மூடி, விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். மாட்டின் இடுப்பும் முதுகும் அப்படி முண்டு முண்டாக இருந்தால் தோராயமாக 2. இப்போது கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். லேசாக அழுத்தினால் எலும்பு தெரிகிறதல்லவா, அது 3. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை மேட்டைப் போல மெத்தென்று இருந்தால் 4.

இடுப்பு எலும்பையும் வாலடிக் குழியையும் தொடுங்கள். வயிற்றைப் பார்க்காதீர்கள். வைக்கோல் தின்ற வயிறும் சினை வயிறும் மெலிந்த மாட்டைக்கூடக் கொழுத்ததாகக் காட்டும். இன்னொன்று, மாதாமாதம் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. என் 3 உங்கள் 3 ஆக இருக்க வேண்டியதில்லை. ஏறியதா இறங்கியதா என்பதுதான் கேள்வி.

நாமக்கல் பக்கத்தில் ஒரு அம்மா வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கலப்பின மாடு, கன்று ஈன்று இரண்டு வாரம். "யானைக்குட்டி மாதிரி இருந்தது டாக்டர், ஊரே கண் வைத்துவிட்டது" என்றார். கண்ணேறு கழித்த பூசணிக்காய்கூட வாசலில் கிடந்தது. மாடு வைக்கோலைக் கடிக்கிறது, தவிடும் புண்ணாக்கும் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பால் பாதியாகிவிட்டது. மூச்சில் பழம் அழுகினாற்போல் ஒரு வாடை. உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய்தான்.

ஈனும்போது அந்த மாடு 4க்குக் குறையாமல் இருந்திருக்கும். அப்படிக் கொழுத்த மாடு ஈன்றதும் சரியாகத் தின்னாது. பாலோ சுரந்துகொண்டே இருக்கும். பற்றாக்குறைக்கு உடல் கொழுப்பைக் கரைக்கும்; அளவுக்கு மீறிக் கரைந்த கொழுப்பு கல்லீரலில் போய் அடையும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தேன், இரண்டே முக்காலுக்கு இறங்கியிருந்தது. அரை மதிப்பெண் இறங்குவது இயற்கை. ஒன்றே கால் இறங்கினால் மாடு பருவத்துக்கு வருமா? ஐந்து மாதம் வரவில்லை.

சரி, கொழுத்தது எப்போது? வற்றுக்காலத்தில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, முந்தைய ஈற்றின் கறவையில், பால் குறையும் கடைசி மாதங்களில். பால் நான்கு லிட்டராகக் குறைந்த பிறகும் அந்த அம்மா பழைய வழக்கப்படி ஐந்தரை கிலோ வைத்திருக்கிறார். நான்கு லிட்டருக்கு ஒன்று அறுநூறு, உடம்புக்கு ஒன்றரை, ஆக மூன்று கிலோ சொச்சம் போதும். மிச்சமெல்லாம் முதுகில் ஏறியது. சினை தள்ளிப்போனால் அந்தக் கடைசி மாதங்கள் இன்னும் நீளும், இன்னும் கொழுக்கும். வட்டம் புரிகிறதா?

அடுத்த முறை சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் தேதியும் மதிப்பெண்ணும் எழுதச் சொன்னேன். ஐந்தாம் மாதச் சினையில் மூன்றே முக்கால். பத்து நாளுக்கு அரை கிலோ வீதம் குறைத்து மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்தார். பால் வற்றும்போது மூன்றரை, ஈனும்போதும் மூன்றரை. ஆறாவது வாரம் 3. மூன்றாவது மாதம் பருவத்துக்கு வந்துவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், திருத்த வேண்டியதைப் பால் குறையும் மாதங்களில் திருத்துங்கள். பால் வற்றிய பிறகு கொழுப்பைக் குறைக்கிறேன் என்று பட்டினி போட்டால், ஈனுவதற்கு முன்பே கல்லீரல் கெட்டுவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கையைக் காட்டுகிறார். மெலிந்த மாட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டரைக்குக் கீழே இருப்பதை ஈனும் முன்பே, அதுவும் கறவையில் இருக்கும்போதே தேற்றுங்கள். அரை மதிப்பெண் ஏற மாதக் கணக்காகும். ஈன்ற பிறகு தேற்றுகிறேன் என்று ஒரேயடியாக அடர் தீவனத்தைக் கொட்டினால் வயிறு புளித்துக் கழியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிலோ மட்டும் ஏற்றுங்கள், பசும்புல்லைக் குறைக்காதீர்கள். வணக்கம்.