ஒரே நாள் வேலை, ஒரே ஆள்: பில் 2,250 ரூபாயா, 6,000 ரூபாயா?

வணக்கம் உறவுகளே. ரெண்டு பில்லிலயும் பொய் இல்லை. எப்படி என்று பாருங்க.

மட்டக்களப்பில் ஒரு கணக்கு ஆலோசனைக் குழு. மணித்தியாலத்துக்கு 3,000 ரூபா. கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை அவங்கட கிளையன்ட். அந்தக் கடைக்காக ஒருத்தர் ஒரு நாளில் செய்த வேலை இதுதான்.

[திரையில்: கோல் 4 நிமிடம், இமெயில் 7, கோல் 3, கணக்குப் பார்த்தது 52, வாட்ஸ்அப் பதில் 2. மொத்தம் 68]

68 நிமிடம் என்றால் 3,400 ரூபா. இப்ப ஒவ்வொரு வரியையும் 15 நிமிடமாக மேல ஏற்றுங்க. 4 நிமிடக் கோல் 15 ஆகுது, 2 நிமிட வாட்ஸ்அப்பும் 15 ஆகுது, 52 நிமிடம் 60 ஆகுது. கூட்டினால் 120 நிமிடம், 6,000 ரூபா! அதையே கிட்ட இருக்கிற 15இன் மடங்குக்கு மாற்றினால் சின்ன வேலை எல்லாம் பூச்சியம், 52 நிமிடம் 45. பில் 2,250 ரூபா. முதலாவதில் கடைக்காரருக்கு நட்டம், ரெண்டாவதில் பில் போடுற உங்களுக்கு.

வழக்கறிஞர்கள் பல நாடுகளில் 6 நிமிட அலகு பாவிக்கிறாங்க, மணித்தியாலத்தில் பத்தில் ஒன்று. அதையும் வரிக்கு வரி ஏற்றினால் 84 நிமிடம் வருது, 4,200 ரூபா. என்ட முடிவு: பதியும்போது உண்மையான நிமிடம் மட்டும். மாதக் கடைசியில் மொத்தத்தை ஒரே ஒரு தரம் 6 நிமிடத்துக்கு ஏற்றுங்க. அப்ப ஒரு மாதப் பில்லில் கூடிப்போனால் 5 நிமிடம்தான் வித்தியாசம். இதை வேலை தொடங்க முன்னமே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்க.

சரி, எதில பதியிறது? மேசை வேலைக்கு டைமர் செயலி. கம்பியூட்டரில் டொகிள் ட்ராக் போட்டால், நீங்க எழும்பிப் போனதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தை வைக்கிறதா எடுக்கிறதா என்று கேட்கும். கிளையன்ட் இடத்துக்குப் போற நாளில் டைமரை நம்பாதீங்க, பாதி வழியில் மறந்துபோகும். போய்ச் சேர்ந்த நேரம், வெளிக்கிட்ட நேரம், ரெண்டையும் எழுதுங்க. பயணத்துக்குத் தனி வரி. ஒரே பயணத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் பார்த்தால், அந்தப் பயண நேரத்தை ரெண்டு பேருக்கும் முழுசா போடவே கூடாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிழமை முழுக்க ஞாபகத்தில் எழுதுறது மட்டும் வேண்டாம். சின்னக் கோல்கள் அதில் காணாமல் போகும். அன்றன்றைக்குப் பின்னேரமே சரிபாருங்க.

உங்கட போன மாதப் பதிவை இப்பவே திறந்து பாருங்க. எல்லாமே 30, 60, 90 என்று நிற்குதா? அது ஞாபகத்தில் எழுதினதாக இருக்கலாம். இடைவேளையே இல்லாமல் அஞ்சு மணித்தியாலம் ஓடின ஒரு வரி இருக்குதா? அது நிறுத்த மறந்த டைமராக இருக்கலாம், பில் அனுப்ப முன்னம் அந்த ஆளிடம் கேளுங்க. எது கிடைத்தது என்று கமென்ட்டில் எழுதுங்க.