கேமரா திறந்தது, கணக்கு காணாமல் போனது

வணக்கம். நான் வேலூரில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவன். இன்றைக்குச் சொல்லப்போவது நானே செய்த ஒரு தப்பைப் பற்றி.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கிடங்குக்கு ஆப் ஒன்று செய்து கொடுத்தேன். வரும் தோலை ஒவ்வொன்றாக அளந்து, சதுர அடியைத் தட்டி, 'சேர்' பட்டனை அழுத்தினால் கீழே பட்டியல் வளரும், கடைசியில் ஒரே தடவையாகச் சேமிக்க வேண்டும். இரண்டாம் நாளே மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "இன்னாண்ணா இது, 38 தோல் போட்டேன், கிழிசல் இருந்த ஒண்ணைப் போட்டோ எடுத்துட்டு வந்தா பட்டியலே காலி!" எர்ரர் எதுவும் வரவில்லையாம். என் போனில் நூறு தடவை செய்து பார்த்தேன், ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை. என்னுடையது 8 ஜிபி ராம், அவருடையது 2 ஜிபி. விஷயம் அங்கேதான் இருந்தது.

நம் ஆப்பிலிருந்து கேமராவைத் திறந்ததும் நம் திரை பின்னால் போகிறது. முதலில் onPause, அப்புறம் onStop என்று சிஸ்டம் நமக்குச் சொல்லிவிடுகிறது. அதற்குமேல் அது உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கேமரா நினைவகத்தை நிறையக் கேட்கும், சின்ன போனில் அதற்கு இடம் பற்றாது, அப்போது யாரை வெளியேற்றலாம் என்று சிஸ்டம் ஒரு வரிசை பார்க்கும். கண்ணெதிரே இருக்கும் ஆப்பைக் கடைசிவரை தொடாது, பின்னால் சும்மா கிடப்பதைத்தான் முதலில் தூக்கும். onDestroy என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சிஸ்டம் கூப்பிடுமே என்று பலர் அதில் சேமிக்கும் வேலையை எழுதி வைப்பார்கள். ஆப்பின் பிராசஸையே கொல்லும்போது அதையெல்லாம் கூப்பிடாது.

ஆனால் திரும்பி வரும்போது அதே திரை அப்படியே நிற்கிறதே, எப்படி? நம் ஊர் லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே போன நேரத்தில் அறையைக் காலி செய்துவிட்டார்கள், ஆனால் போகும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு மட்டும் ரிசப்ஷனில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சீட்டு எழுதுகிற இடம்தான் onSaveInstanceState. அது நம் ஆப்பில் இல்லாமல் சிஸ்டத்தின் கையில் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. எழுதும் பெட்டிக்கு ஐடி கொடுத்திருந்தால் அதில் தட்டியதை ஆண்ட்ராய்டே சீட்டில் குறித்துவிடும். என் பிழையைக் கண்டுபிடித்ததே இதனால்தான். "பெட்டியில பாதி தட்டினது அப்படியே இருந்துச்சுண்ணா, கீழதான் காலி" என்றார். பெட்டி பிழைத்து, பட்டியல் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் பிராசஸ் செத்துப் பிழைத்த கதைதான்.

பட்டியலை நான் ViewModel-இல் வைத்திருந்தேன். போனைத் திருப்பினால் திரை அழிந்து மறுபடி பிறக்கும், அதற்கு ViewModel தாங்கும். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதுவும் பிராசஸுக்குள்தானே இருக்கிறது, பிராசஸ் போனால் சேர்ந்தே போகும்.

சரி என்று பட்டியல், போட்டோ எல்லாவற்றையும் அந்தச் சீட்டிலேயே திணித்தேன். இப்போது கேமராவுக்குப் போகும்போதே ஆப் விழுந்தது, TransactionTooLargeException என்று. அந்தச் சீட்டு போகும் வழியில் மொத்தமே 1 எம்பிதான் இடம், அதிலும் நம் ஆப்பின் மற்ற போக்குவரத்துக்கும் அதே பங்கு. அதுவும் போக, அண்மையில் திறந்த ஆப்களின் வரிசையிலிருந்து பயனர் தள்ளிவிட்டால் சீட்டையே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் கணக்கு போக வேண்டிய இடம் டேட்டாபேஸ். 'சேர்' அழுத்திய நொடியே அந்த ஒரு தோல் வரைவாக எழுதப்படும், எந்த வரைவு என்ற எண் மட்டும் சீட்டில்.

இதைச் சோதிக்க 2 ஜிபி போன் தேடி அலைய வேண்டாம். கேமரா திறந்திருக்கும்போது கணினியிலிருந்து `adb shell am kill` என்று அடித்து, பக்கத்தில் உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள், பிறகு போட்டோ எடுத்துத் திரும்புங்கள். டெவலப்பர் அமைப்பில் Don't keep activities என்று ஒன்று உண்டு, அது திரையை மட்டும்தான் அழிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும், அதனால் அதை மட்டும் நம்ப மாட்டேன்.

அப்படி அடித்துப் பார்த்ததில் 38 தோலும் வந்தது, கிழிசல் போட்டோ மட்டும் வரவில்லை! போட்டோ போனில் இருக்கிறது, கேமரா சரியாகத்தான் சேமித்திருக்கிறது. அதை எந்தக் கோப்பில் போடச் சொன்னேன் என்ற முகவரியை ஒரு சாதாரண மாறியில் வைத்திருந்தேன், அது பிராசஸோடு போய்விட்டது. ஒரு வரி முகவரி, சீட்டில் எழுதவே பிறந்தது மாதிரி. அதையும் சேர்த்துப் புதுப் பதிப்பை அனுப்பினேன், அன்று சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரவில்லை.