விலையைச் சொல்லுங்கள் அம்மா! 14-ஆம் எண் சேலைக்கு ஒரு நிமிடப் பேச்சு

வணக்கம் சொந்தங்களே. ஏற்காட்டுக் காப்பி உள்ளே போகாமல் நான் கேமரா முன்னால் உட்கார மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று குடிக்காமலே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு எரிச்சல்!

நேற்று இரவு ஒரு சேலை நேரலை பார்த்தேன். யாருடையது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரே சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். அருமையான சேலையாம், கட்டினால் கண் படுமாம், இன்று விட்டால் கிடைக்காதாம். கீழே கருத்துப் பகுதி முழுக்க "விலை? விலை? விலை?" என்று ஓடுகிறது. கடைசியில் அவர் சொன்னது, "விலைக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தையில் தக்காளிக்காரர் கூட விலையைக் கூவித்தான் விற்கிறார்.

இளம்பிள்ளையிலிருந்து சேலை எடுத்து வீட்டிலிருந்தே விற்கும் தங்கைகள் நிறையப் பேர் "அக்கா, ஒரு சேலைக்கு என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதை இன்றைக்குப் பேசிவிடுவோம். ஒரே ஒரு சேலை, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. முதலில் முழுவதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் அப்படி என்று பார்ப்போம்.

"எண் 14. ஒன்று, நான்கு. இளம்பிள்ளை விசைத்தறிச் சேலை. கடைகளில் சாஃப்ட் சில்க் என்பார்கள். இழை செயற்கை, பட்டு அல்ல. உடல் கத்தரிப்பூ நிறம், கரை மாம்பழ மஞ்சள். கேமராவில் உடல் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது, நேரில் சிவப்பு ஓடும் ஊதா. விலை 850 ரூபாய். எட்டு, ஐந்து, பூஜ்யம். தமிழ்நாட்டுக்குள் கொரியர் கட்டணமும் அதில் அடக்கம். இது முந்தானி, முழுக்க ஜரிகை, நடுவில் மயில். இது பின்பக்கம், புட்டாவுக்குப் பின்னால் நூல் வெட்டாமல் ஓடுகிறது, வளையலிலும் மெட்டியிலும் மாட்டும், பார்த்துக் கட்ட வேண்டும். நீளம் ஐந்தரை மீட்டர். அதோடு 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி, மஞ்சள் நிறம், சேலையோடு சேர்ந்தே இருக்கிறது. எடை 480 கிராம். கையில் மூன்று சேலை இருக்கிறது. வேண்டுபவர்கள் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எண் 14, விலை 850."

அவ்வளவுதான். "அழகு" என்ற சொல் ஒரு தடவை கூட வரவில்லை, கவனித்தீர்களா? அழகா இல்லையா என்பதைப் பார்க்கிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். அவர்களால் திரையில் பார்க்க முடியாததை மட்டும் நாம் வாயால் சொன்னால் போதும்.

எண்ணை ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்றால், பதினான்கும் பதினாறும் கைப்பேசி ஒலிபெருக்கியில் ஒரே மாதிரி விழுகின்றன. பக்கத்தில் மிக்சி ஓடினால் சொல்லவே வேண்டாம். ஒன்று, நான்கு என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. சிலேட்டில் எழுதிச் சேலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் சேலையும் ஒன்றாக விழ வேண்டும். முதலிலும் முடிவிலும் எண்ணைச் சொல்வதற்குக் காரணம் வேறு. நேரலைக்கு யாரும் ஆரம்பத்திலேயே வந்து உட்காருவதில்லை. நீங்கள் முந்தானியைக் காட்டும்போதுதான் பாதிப்பேர் உள்ளே நுழைகிறார்கள். கடைசி வரியில் எண்ணும் விலையும் இல்லையென்றால் அவர்களுக்கு அந்தச் சேலை வெறும் வேடிக்கை.

அடுத்தது இழை. இங்கே நான் கறாரானவள், பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் அசல் பட்டும் வருகிறது, செயற்கை இழையும் வருகிறது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் கேட்பவர் பட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் பெயரைச் சொன்ன அதே மூச்சில் "பட்டு அல்ல" என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் கெடும் என்று பயப்பட வேண்டாம், 850 ரூபாய்க்குப் பட்டுச் சேலை வராது என்று வாங்குபவருக்கும் தெரியும். உங்களுக்கே சந்தேகம் என்றால் முந்தானி ஓரத்துப் பிசிறிலிருந்து ஒரு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீ தானாக அடங்கும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும். காகிதம் எரிகிற வாசனையோடு சடசடவென்று எரிந்து போனால் அது பருத்தியாகவோ விஸ்கோஸாகவோ இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் தனித்தனியாக நூல் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இழையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதையெல்லாம் நேரலைக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். நேரலையில் தீக்குச்சி உரசி வித்தை காட்டுபவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அத்தனை சேலைக்கு நடுவில் நெருப்பு எதற்கு?

நிறம்தான் பெரிய தலைவலி. கத்தரிப்பூ நிறத்தைக் கேமரா நீலமாகத்தான் காட்டும். அதிலும் சேலையை விரித்துத் திரை முழுக்க அதையே நிரப்பினால், கைப்பேசி எது வெள்ளை என்று தெரியாமல் தானாக நிறத்தை மாற்றிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளோ மடித்த வெள்ளை வேட்டியோ எப்போதும் தெரியும்படி வையுங்கள், பெரும்பாலும் சமாளித்துவிடும். அடர்ந்த அரக்கு நிறச் சேலையைத் திரை முழுக்கக் காட்டினால் கைப்பேசி வெளிச்சத்தை ஏற்றிச் சிவப்பாக்கிவிடும். அப்போது திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும், பிறகு சேலையை அசைத்தாலும் மாறாது. இவ்வளவு செய்தும் நீலமாகத் தெரிந்தால் வாயால் சொல்லிவிட வேண்டியதுதான். "பர்ப்பிள்" என்று சொன்னால் ஆளுக்கு ஒரு நிறத்தை நினைப்பார்கள். கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து என்றால் நம் பெண்கள் எல்லோர் கண் முன்னும் ஒரே நிறம் வந்து நிற்கும். மயில் கழுத்துக்கு மட்டும் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் கோணம் மாறினால் நிறமும் மாறும். அதை அசைத்துக் காட்டாமல் நேராகப் பிடித்தபடியே விற்றால் "நான் பார்த்த சேலை இது இல்லை" என்று பொட்டலம் திரும்பி வரும்.

இப்போது விலை. பேச்சின் நடுவிலேயே வைத்திருக்கிறேன் பாருங்கள். நாம் சொல்வது பார்ப்பவருக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும், யூடியூபில் அது பத்து நொடியையும் தாண்டும். அவர் தட்டச்சு செய்து நமக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்ச நேரம். விலையைக் கடைசியில் சொல்லிவிட்டு "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டால் பதில் வரும்வரை திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் சொன்னால், நாம் முந்தானியையும் பின்பக்கத்தையும் காட்டி முடிப்பதற்குள் கேள்விகள் வந்து இறங்கிவிடும். விலையைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேற்றைய நேரலையே சாட்சி. "ரவிக்கைத் துணி என்ன நிறம்?" என்று ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார். அது விலை விலை என்ற வெள்ளத்தில் போயே போய்விட்டது.

எடையைப் பற்றிச் சொல்லும்போது, இதோ இந்தத் தராசைப் பாருங்கள்! செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன். கடைக்காரர் 650 என்றார். "அண்ணா, சமையலறைத் தராசுக்கு இந்த விலையா" என்று கேட்டேன். 600-க்கு வந்தார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். 560. "பேட்டரி போட்டுத் தருவீர்களா?" என்றேன். முறைத்தார், ஆனால் போட்டுக் கொடுத்தார். கடைசியில் 520 ரூபாய், பேட்டரியோடு! என் கணவர் "இணையத்தில் இதைவிட மலிவு" என்கிறார். பேட்டரி வருமா என்று கேட்டேன், பதில் இல்லை. எடையை ஏன் காட்டுகிறோம் என்றால், வயதான அம்மாக்கள் "கனக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். லேசாக இருக்கும் என்று நூறு தடவை சொல்வதை விட, மடித்த சேலையைத் தராசில் வைத்து 480 என்று காட்டினால் பேச்சு முடிந்தது. ஆனால் எடை அதிகம் என்பதால் சேலை உயர்ந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஜரிகை நிறைய ஏறினாலே எடை ஏறிவிடும்.

பின்பக்கத்துக்கு வருவோம். இதை யாருமே காட்டுவதில்லை. இங்கே பாருங்கள், கிட்டத்தில் பிடிக்கிறேன். ஒரு புட்டாவிலிருந்து அடுத்த புட்டா வரை ஜரிகை இழை தளர்ந்து ஓடுகிறது. என் சுண்டு விரலை உள்ளே விட்டால் நுழைகிறது. இதில் மெட்டி மாட்டினால் ஒரே இழுப்பு, முன்பக்கத்துப் புட்டா சுருங்கிவிடும். சில சேலைகளில் இந்த இழையை வெட்டிவிட்டிருப்பார்கள், அப்போது மாட்டாது, ஆனால் வெட்டிய முனை உடம்பில் குத்தும். எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வாங்கியவர் வீட்டில் பார்த்துத் திட்டுவதை விட, நேரலையிலேயே பார்த்து வேண்டாம் என்று போவது மேல். பின்பக்கத்தைக் காட்டும் கையில் மோதிரம் இருக்கக் கூடாது, கழற்றிவிடுங்கள்.

அடடா, அகலத்தை விட்டுவிட்டேன்! நீளத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. இந்தச் சேலை 46 அங்குலம். உயரமான பெண்கள் இதைத்தான் கேட்பார்கள், கரை தரையைத் தொடுமா என்பதற்காக. பேச்சில் "நீளம் ஐந்தரை மீட்டர்" என்ற இடத்தில் "அகலம் 46 அங்குலம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள், எல்லாச் சேலையும் ஒரே அகலம் இல்லை.

காகிதத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள், கண் கீழே போனதும் பார்ப்பவர் போய்விடுவார். எண், இழை, நிறம், விலை, முந்தானி, பின்பக்கம், அளவு, எண். இந்த எட்டுச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

அசல் பட்டு விற்பவர்களுக்கு மட்டும் இந்த ஒரு நிமிடம் போதாது. சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்து எண் தெரிய நிறுத்த வேண்டும், ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா இல்லையா என்று தனியாகச் சொல்ல வேண்டும், விலைக்குக் காரணமும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பட்டுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச முடியும். என்னிடம் இப்போது இருப்பது என் கல்யாணச் சேலை ஒன்றுதான், அதை விற்கிற மாதிரி பேசினால் மாமியார் கதவைத் தட்டுவார். யாராவது கொடுத்தால் அடுத்த வீடியோவில் பார்க்கலாம். காப்பி போடப் போகிறேன்.